“இப்பகுதியின் கீழ்” என்ற சொற்கள்

என் மனைவி இறந்து பதினோராவது வாரம் காப்புறுதிக் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு பக்கம். காப்புறுதி தொடங்கும் முன்பே இருந்த இதய நோயால் மரணம் ஏற்பட்டிருப்பதால், பொலிசியின் நிபந்தனை 6.3 இன்படி கோரிக்கையை ஏற்க முடியவில்லை, வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு அச்சகத்துக்கு வேலைக்குப் போனேன். கோபம் வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே வரவில்லை. பசி கூட நேரத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

கம்பனி சொல்வது சரி என்றுதான் நினைத்தேன். அதற்குக் காரணம் இருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். இரண்டாம் நாள் டொக்டர் என்னைக் கூப்பிட்டு, “இவங்களுக்குச் சின்ன வயசில மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு பழுதாகியிருக்கே, உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டார். தெரியாது. கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் ஒரு நாளும் அவள் சொல்லவில்லை. படியேறினால் மூச்சு வாங்கும். கண்டியில் யாருக்குத்தான் படியேறினால் மூச்சு வாங்காது என்று இருந்துவிட்டேன். எனக்கே மறைத்தவள் கம்பனிக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருப்பாளா? ஆகவே கடிதத்தை நம்பினேன்.

அவள் படிப்பித்தது பன்வில பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில். அங்கே அவளுடைய மேசை லாச்சியில் இருந்த சாமான்களை எடுத்துப் போகச் சொல்லி அதிபர் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வத்தேகம வழியாக பஸ்ஸில் போனேன். அங்கே ஆங்கிலம் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் இருந்தார், திகனயிலிருந்து வருகிற முஸ்லிம் பெண், ‘இருக்கு’ என்பதை ‘ஈக்கி’ என்பவர். என் மனைவியோடு மதியச் சாப்பாட்டைப் பங்கு போட்டுச் சாப்பிட்டவர். அவர்தான் இன்சூரன்ஸ் விஷயத்தைக் கேட்டார்.

“தர மாட்டாங்களாம், டீச்சர். முன்னாடியே இருந்த இதய வருத்தமாம்.”

“அப்படிச் சொன்னாங்களா, எழுதித் தந்தாங்களா?”

“எழுதித்தான். ஆறு தசம் மூணுன்னு ஒரு நிபந்தனை.”

“அந்த ஆறு தசம் மூண நீங்க பொலிசில பாத்தீங்களா அண்ணன்?”

பார்க்கவில்லை. அச்சகத்தில் இருபது வருடமாக எனக்கு வேலையே மூலப் பிரதியையும் அச்சடித்த பிரதியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பிழை திருத்துவதுதான். கல்யாணக் கார்டில் ஒரு துணைக்கால் விட்டுப்போனாலும் கண்ணில் பட்டுவிடும். ஆனால் இந்தக் கடிதத்தை எதனோடும் ஒப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

“அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டையும் கொண்டு வாங்க. எனக்கும் இந்தச் சட்டப் பாஷை பெருசா வெளங்காது. ஆனா வாசிக்க ஏலும்” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பாடசாலை விட்ட பிறகு, நூலக அறையில் ஒரு நீள மேசையில் உட்கார்ந்தோம். பொலிசிப் புத்தகம் அவள் சம்பளப் பத்திரங்களோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தது. முன்னால் விவர அட்டவணை, நடுவில் நிபந்தனைகள், பின்னால் ஏதேதோ போட்டோக்கொப்பிகள். பிரீமியம் அவளுடைய சம்பளத்திலேயே வெட்டுப்பட்டதால் அந்த உறையை நான் ஒருபோதும் திறந்ததில்லை.

தொழிற்பழக்கம் கையில் வந்துவிட்டது. முதலில் இலக்கங்களைப் பார்த்தேன். கடிதத்திலிருந்த பொலிசி இலக்கமும் அட்டவணையிலிருந்த இலக்கமும் ஒன்றுதான். பிறகு பதிப்பு. நிபந்தனைகள் எந்தப் படிவத்தில் உள்ளவை என்று அட்டவணையில் ஒரு குறியீடு போட்டிருந்தார்கள். அதே குறியீடு புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருந்தது. கம்பனி பிறகு நிபந்தனைகளை மாற்றி அச்சடித்திருக்கலாம், ஆனால் அவளுக்குப் பொருந்துவது இதுதான். அதன் பிறகுதான் 6.3 ஐத் தேடினேன்.

“டீச்சர், கடிதத்த நீங்க வாசிங்க. மெதுவா, ஒவ்வொரு சொல்லா. நான் புத்தகத்தில பாத்துட்டு வாறேன்.”

அவர் வாசித்தார். கடிதத்தில் அந்த நிபந்தனையை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “தொடங்கும் திகதிக்கு முன்பிருந்த நோயினால் ஏற்படும் எதற்கும் நன்மை எதுவும் கொடுபடாது.”

“நில்லுங்க” என்றேன். “‘நன்மை எதுவும்’ங்கிறதுக்குப் பொறகு இங்க இன்னும் இருக்கு. ‘இப்பகுதியின் கீழ்’னு போட்டிருக்கு. கடிதத்தில அது இருக்கா?”

“இல்ல.”

“‘ஏற்படும் எதற்கும்’னு இருக்கிற எடத்தில, இங்க ‘ஏற்படும் எந்த ஆஸ்பத்திரித் தங்குதலுக்கும்’னு இருக்கு.”

டீச்சர் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “இது எந்தப் பகுதி? மேல தலைப்பு என்ன ஈக்கி?”

பக்கத்தைப் பின்னால் திருப்பினேன். ஆறாம் பகுதி. ஆஸ்பத்திரியில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் கொடுக்கும் மேலதிக நன்மை பற்றியது. தலைப்புக்குக் கீழேயே முதல் வரியில், இந்தப் பகுதியிலுள்ள நிபந்தனைகள் இந்தப் பகுதியின் நன்மைகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று இருந்தது. மரண நன்மை இரண்டாம் பகுதியில் இருந்தது. அங்கே விலக்கு ஒன்றே ஒன்றுதான்: பொலிசி தொடங்கி ஒரு வருடத்துக்குள் தற்கொலை. அவள் பொலிசி எடுத்து ஆறு வருடமாகியிருந்தது. முன்பிருந்த நோயைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. நான் இரண்டு முறை வாசித்தேன், டீச்சர் ஒரு முறை வாசித்தார்.

“பாத்தீங்களா!” என்றார் டீச்சர். அவருடைய முகம் மலர்ந்தது. எனக்கு ஒரு பிழையைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அவர் உடனே அடங்கிவிட்டார். பொது நிபந்தனைகளை விரலால் தேடி ஒரு இடத்தில் நிறுத்தினார். “இத அவங்க கடிதத்தில சொல்லல்ல. ஆனா நாங்க எழுதினா அடுத்ததா இதத்தான் புடிப்பாங்க.” விண்ணப்பத்தில் முக்கியமான விஷயத்தை மறைத்திருந்தால் கம்பனி பொலிசியையே செல்லாததாக்கலாம் என்ற நிபந்தனை அது.

“அப்ப அவ்வளவுதான். அவ சொல்லியிருக்க மாட்டா, டீச்சர். எனக்கே சொல்லல.”

“விண்ணப்பத்தோட கொப்பி கட்டாயம் பின்னால ஈக்கணும்.”

இருந்தது. நான்கு பக்கம். அவளுடைய கையெழுத்து, கரும்பலகையில் எழுதுவது போல நிமிர்ந்த எழுத்து. அதைக் கண்டதும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். டீச்சர்தான் வாசித்தார். இதயம் சம்பந்தமான நோய் எப்போதாவது இருந்ததா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று அடையாளம் போட்டிருந்தாள். விவரம் எழுதும் இடத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: பன்னிரண்டு வயதில் மூட்டுக் காய்ச்சல், வால்வு பாதிப்பு, இருபத்தொரு வயது வரை மாதா மாதம் ஊசி, பிறகு கிளினிக். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. டீச்சர் அதை வாசிக்காமல் நிறுத்தினார்.

“வாசிங்க.”

“அண்ணன், இது கிளெய்முக்குத் தேவையில்ல.”

நானே பார்த்தேன். கர்ப்பம் தரிப்பது ஆபத்து என்று டொக்டர் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கிடைக்கவில்லை என்று இருந்தேன். இரண்டு வருடம் நான் கோயிலுக்கு நேர்த்தி வைத்து வெள்ளிக்கிழமை விரதம் இருந்தேன். அவளும் கூடவே விரதம் இருந்தாள்.

டீச்சர் அந்தப் பக்கத்தை மறுபக்கம் திருப்பினார். வெளியே பிள்ளைகள் யாரும் இல்லை. “அட்டவணைக்குப் பொறகு ஒரு தனித்தாள் இருந்திச்சி, அத ஒருக்கா பாருங்க” என்றேன். என் குரல் வழக்கம் போலவே இருந்தது. அந்தத் தாளில், மருத்துவக் காரணத்துக்காக மரண நன்மைக்கு மேலதிக பிரீமியம் அறவிடப்படுகிறது என்று கம்பனியே எழுதிக் கையொப்பமிட்டிருந்தது. அவள் சொன்னாள். அவர்கள் கேட்டார்கள். கூடுதலாகக் காசு வாங்கிக்கொண்டு ஏற்றுக்கொண்டார்கள்.

அன்றைக்கே கடிதத்துக்கு ஒரு பதில் தயாரித்தோம். டீச்சர் ஆங்கிலத்தில் சொல்ல நான் எழுதினேன். அவர்களுடைய மேற்கோளை ஒரு பக்கத்திலும் புத்தகத்தில் உள்ள 6.3 ஐ முழுதாக மறு பக்கத்திலும் போட்டு, விடுபட்ட சொற்களுக்குக் கீழே கோடிட்டோம். ஆறாம் பகுதியின் முதல் வரி, இரண்டாம் பகுதியின் ஒரே விலக்கு, விண்ணப்பத்தின் அந்தப் பக்கம், மேலதிக பிரீமியத் தாள் எல்லாவற்றுக்கும் பக்க இலக்கம் கொடுத்தோம். மரண நன்மையை மறுக்க வேறு நிபந்தனை இருந்தால் அதன் முழு வாசகத்தோடு அறிவிக்கும்படி கேட்டோம். இல்லாவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிப்பவரிடம் போவோம் என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்தோம்.

திங்கட்கிழமை கண்டிக் கிளைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அதிகாரி இளம் சிங்களப் பெண். கடிதத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தைக் கேட்டார். 6.3 ஐ எடுத்தார், பக்கத்தைத் திருப்பித் தலைப்பைப் பார்த்தார், மறுபடி 6.3 க்கு வந்தார். “நீங்கள் இரண்டு நன்மைகளுக்கும் ஒரே படிவத்தில் கேட்டிருக்கிறீர்கள், தலைமை அலுவலகத்தில் ஒரே பதிலாக எழுதிவிட்டார்கள் போல” என்று சிங்களத்தில் சொன்னார். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவர் போல, “முடிவு அவர்களுடையதுதான்” என்றும் சேர்த்தார். என் பிரதியில் முத்திரை குத்தித் திகதி போட்டுத் தந்தார்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. மீள்பரிசீலனையில் மரண நன்மை ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாட்களுக்கு மட்டும் 6.3 இன்படி எதுவும் இல்லை. அந்த மேற்கோளையும் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். இம்முறை ஒரு சொல்லும் விடுபடவில்லை. அது சரியான மறுப்பு. டீச்சருக்குத் தொலைபேசியில் சொன்னேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லி அழுதார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேவாஹெட்டவுக்கு, அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போனேன். பணம் கிடைத்த விஷயத்தைச் சொன்னேன். பிறகு ஊசியைப் பற்றிக் கேட்டேன். மச்சான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நான்தான் மாசா மாசம் கூட்டிட்டுப் போவேன். கல்யாணத்துக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னு அம்மா எவ்வளவோ சொன்னாங்க. அவ வேணாம்னுட்டா. சொன்னா நீங்க வேணாம்னு போயிருவீங்களாம்.”

“பொறகாவது சொல்லியிருக்கலாமே.”

“பொறகு எப்படிச் சொல்றதுன்னு தெரியலன்னு சொன்னா. ரெண்டு தடவ எங்கிட்ட சொன்னா.”

நான் வேண்டாம் என்று போயிருப்பேனா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பிள்ளைகள் மேல் ஆசையாக இருந்தேன். மத்தியானம் அங்கேயே சாப்பிட்டேன். மச்சானின் மனைவி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார், இரண்டாம் முறையும் சோறு வாங்கிக்கொண்டேன். மூன்று மணி பஸ்ஸுக்கு மச்சான் சந்தி வரை வந்து என்னை ஏற்றிவிட்டார்.