விளம்பரக் கணக்கை மூடிய காரணம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பம்பு உதிரிபாகம் செய்துகொண்டிருந்தேன். இணையத்தில் விளம்பரம் செய்ய கிரெடிட் கார்டு கேட்டார்கள். என்னிடம் ஏது? பக்கத்து ஷெட்டுக்காரர் தன் கார்டிலேயே முன்பணம் கட்டிவிட்டு, என்னிடம் ரொக்கமாக வாங்கிக்கொண்டார். பேட்டையில் பாதிப் பேர் அப்படித்தான்.

பாதிப் பணம்கூடச் செலவாகவில்லை, கணக்கை முடக்கிவிட்டார்கள். எந்த விதியை மீறினேன், மீதிப் பணம் எங்கே என்று கேட்டு எழுதினேன். பதிலில் மரியாதைக்குக் குறைவில்லை. விதிமீறிய இன்னொரு கணக்கோடு என் கணக்குக்குத் தொடர்பாம். எந்தக் கணக்கு என்று சொல்ல மாட்டார்களாம். மீதிப் பணம், கட்டிய கார்டுக்கே போகுமாம்.

டீக்கடையில் பக்கத்து ஷெட்டுக்காரரிடம் புலம்பினேன்.

“என்னுத தான் நைனா மொதல்ல மூடுனாங்கோ. பெரிய கம்பெனி பேர்ல டூப்ளிகேட் மோட்டார் விக்கிறேனாம். இன்னா பேஜாரு!”

“என் பணம்?”

“வந்துச்சே! கார்டுல பழைய பாக்கி இருந்துச்சு, பேங்க்காரன் அதுல கழிச்சிக்கினான்.”

நான் எழுதிக் கேட்ட இரண்டு கேள்விக்கும் ஒரே பெஞ்சில் பதில் கிடைத்துவிட்டது. டீக்கடையில் கார்டு வாங்க மாட்டார்கள் என்பதால், அவர் குடித்த டீக்கும் நானே காசு கொடுத்தேன்.