கணவர் திருத்திய எதிர்வாதம்

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்ததில் அவளுக்குச் சாக்குப்போக்கு கேட்டுக் கேட்டுக் காது பழுத்துப் போயிருந்தது. பல்லைப் பிடுங்கப் பயந்தவர்கள் இல்லாத மாமாவைச் சாகடிப்பார்கள், ஓடாத பேருந்தைக் குறை சொல்வார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சிரிக்காமல் வேறொரு தேதி எழுதிக் கொடுப்பாள். நாற்பத்தேழு வயதில் இறையியல் கல்லூரியின் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தபோது அங்கேயும் அதே வேலைதான். யார் எந்தக் கட்டுரையை எப்போது கொடுக்க வேண்டும் என்பது அவள் விரல் நுனியில் இருக்கும். அதனால் வகுப்பில் அவளுக்கு ‘அப்பாயின்ட்மென்ட் அக்கா’ என்று பெயர்.

முதல் வருடக் கடைசிக் கட்டுரைக்கு அவள் எடுத்துக்கொண்டது விண்ணப்ப ஜெபம். கடவுளிடம் கேட்பதால் ஏதாவது மாறுகிறதா? மாறுகிறது என்பது அவள் கட்சி. சில நன்மைகளைக் கடவுள் நாம் கேட்டால்தான் தருகிறார், நம்மைத் தம்முடைய வேலையில் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொள்வதற்காக அப்படி வைத்திருக்கிறார் என்று ஆறு பக்கம் ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தாள்.

கட்டுரை திரும்பி வந்தபோது ஒரு பத்தியை மட்டும் பேராசிரியை பென்சிலால் முழுவதுமாகச் சுழித்திருந்தார். எதிர்த்தரப்பைச் சொல்ல வேண்டிய பத்தி அது. ‘விசுவாசம் குறைந்த சிலர் ஜெபத்தால் எதுவும் மாறாது என்கிறார்கள். கேட்டது கிடைக்காத கோபத்தில் அவர்கள் இப்படிப் பேசுகிறார்கள்’ என்று இரண்டே வரியில் முடித்திருந்தாள். ஓரத்தில் பேராசிரியையின் குறிப்பு: ‘இது எதிர்வாதம் இல்லை. எதிராளியைப் பற்றிய வம்பு.’

பேராசிரியை அவளைவிடப் பத்து வயது இளையவர். வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“அக்கா, அந்தக் கருத்து உள்ளவர் இதைப் படிச்சா, ‘ஆமா, நான் சொல்றது இதுதான்’னு கீழே கையெழுத்துப் போடணும். அவர் யாரு, ஏன் சொல்றாருங்கிறது வேண்டாம். அவரோட காரணம் வேணும். அதுவும் உங்க வாதம் எங்கே மெலிசா இருக்கோ, அங்கே இடிக்கிற காரணம்.”

“இடிச்சா என் கட்டுரை விழுந்துடுமே, மேடம்?”

“இப்ப மட்டும் நிக்குதுன்னு எப்படித் தெரியும்? நீங்க இன்னும் தள்ளிப் பாக்கலையே.”

இரண்டு வாரம் அவகாசம் கிடைத்தது.

நூலகத்தில் தேடினாள். கடவுள் எல்லாம் அறிந்தவர், நல்லவர். நமக்கு நல்லது எதுவோ அதைக் கேட்காமலேயே செய்வார். பிறகு கேட்பது எதற்கு என்று புத்தகத்தில் இருந்ததை எழுதிப் பார்த்தாள். தப்பில்லாமல்தான் இருந்தது. ஆனால் அதற்கான பதில் அவள் கைவசம் ஏற்கெனவே இருந்தது. அவள் வாதத்தை அது எங்கேயும் இடிக்கவில்லை. இதில் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று யோசித்தபோது, தன் வீட்டுக்குள்ளேயே ஓர் ஆள் இருப்பது உறைத்தது.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எண்ணி நாலு வார்த்தை பேசுகிறவர். பதின்மூன்று வருடமாக ஞாயிறுதோறும் அவளை ஆலயத்து வாசலில் இறக்கிவிட்டு, காருக்குள்ளேயே செய்தித்தாளோடு உட்கார்ந்துவிடுவார். யார் கேட்டாலும், “அவருக்குக் கூட்டம் ஒத்துக்காது” என்பாள். நாள் முழுக்க அடுத்தவர் சாக்கைக் கேட்டுச் சலித்தவள், தான் சொல்லிவந்த சாக்கை மட்டும் கவனிக்கவே இல்லை. அவரிடம் காரணம் கேட்டதும் இல்லை.

அந்த ஞாயிறு மதியம் அவர் சாப்பாட்டு மேசையில் பழைய தாளை விரித்து, திருப்புளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் எதிரில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லி, ஏன் உள்ளே வருவதில்லை என்று கேட்டாள்.

“கட்டுரைக்காகவா கேக்குற?”

“கட்டுரைக்குத்தான். அது இல்லன்னா நான் கேட்டிருக்கவே மாட்டேன். அது என் தப்பு.”

அவர் துணியைக் கீழே வைத்தார். பதின்மூன்று வருடத்துக்கு முன், மகனுக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள் கிடந்ததை அவளுக்கு யாரும் நினைவுபடுத்தத் தேவையில்லை. ஆனால் அவர் மகனைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த கட்டிலில் இருந்த பெண் குழந்தையைப் பற்றிப் பேசினார். அதே வயது, அதே காய்ச்சல். எட்டாவது நாள் அது இறந்துபோனது.

“அந்தம்மா உன்னைவிட அதிகமா ஜெபம் பண்ணுச்சு. தாழ்வாரத்துல முட்டி போட்டபடியே இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நம்ம பையன் வீட்டுக்கு வந்தப்புறம் நீ சபையில எழுந்து நின்னு, ‘ஆண்டவர் எங்க ஜெபத்தைக் கேட்டார்’னு சாட்சி சொன்னே. நானும் பக்கத்துல நின்னேன். அந்தம்மா பின்வரிசையில இருந்திருந்தா உன்னால அதைச் சொல்லியிருக்க முடியுமா?”

அவளுக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. சாட்சி சொன்ன நாளில் கட்டியிருந்த நீலப் புடவைகூட நினைவில் இருந்தது. அந்தப் பெண் முட்டி போட்டிருந்தது மட்டும் நினைவில் இல்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்து எழுதினாள். அவர் படித்துவிட்டு, பென்சிலைக் கேட்டு வாங்கினார். ‘இழப்பைக் கண்ட வேதனையில்’ என்பதை அடித்தார். ‘கடவுளை நம்ப முடியாதவர்கள்’ என்பதையும் அடித்தார்.

“கடவுள் இல்லைன்னு நான் சொல்லவே இல்லையே. நான் ஒரு காரணம் சொன்னா, அதுக்கு நீ வியாதி மாதிரி ஒரு பேர் வைக்கிற.”

மூன்று முறை எழுதினாள். மூன்றாவதை அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, ஒன்றும் அடிக்காமல் திருப்பித் தந்தார். அது இப்படி இருந்தது:

‘இரண்டு தாய்மார் ஒரே நோய்க்காக, ஒரே உருக்கத்துடன் கேட்கிறார்கள். ஒரு பிள்ளை பிழைக்கிறது, மற்றது இறக்கிறது. கேட்டதனால்தான் ஒன்று பிழைத்தது என்றால், மற்றவளின் கேட்பு ஏன் போதவில்லை என்பதற்கு நாம் விடை சொல்ல வேண்டும். அவளிடம் குறை காண்பது கொடுமை. குறை இல்லை என்றால், கேட்டதற்கும் கிடைத்ததற்கும் தொடர்பு உண்டென்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை. மேலும், ஒரு குழந்தையின் உயிரைப் பிறர் கேட்பதையும் கேட்காததையும் பொறுத்து விட்டுவைப்பவரை நல்லவர் என்பது எப்படி? இதைச் சொல்பவர் கடவுளை மறுக்கவில்லை. அவருடைய நற்பெயரைக் காக்கிறார்.’

கடைசி வரி அவருடையது.

அதற்குப் பதில் எழுதுவதுதான் பாடாய்ப் படுத்தியது. ‘கடவுளின் வழிகள் நமக்கு எட்டாதவை’ என்று எழுதினாள். பேசாமல் நழுவப் பார்ப்பதாக அவளுக்கே பட்டது, அடித்தாள். இரண்டு நாள் மல்லுக்கட்டியபின், பதிலை விட்டுவிட்டு முதல் பக்கத்துக்குப் போய், தன் நிலைப்பாட்டையே குறுக்கினாள். கேட்டால்தான் கிடைக்கும் நன்மைகள் உண்டு, மன்னிப்பும் நட்பும் போல. கேட்பது என்பது அவற்றிலேயே ஒரு பாகம். கடவுளோடு உள்ள உறவும் அப்படிப்பட்டது. ஆனால் யார் பிழைத்தார், யார் பிழைக்கவில்லை என்பதை ஜெபத்துக்குச் சான்றாக இந்தக் கட்டுரை காட்டாது. ஏற்கெனவே எழுதியதில் ஒன்றரைப் பக்கம் குப்பைக்குப் போனது. அதில் அவள் மகனின் கதையும் இருந்தது.

அறுபத்தெட்டு மதிப்பெண் வந்தது. ‘எதிர்வாதம் உங்கள் பதிலைவிட வலுவாக நிற்கிறது. பதில் பாதி தூரம்தான் வருகிறது. மீதியையும் கடந்துவிட்டதாக நீங்கள் நடிக்கவில்லை’ என்று பேராசிரியை எழுதியிருந்தார். எழுபதைத் தொடவில்லையே என்று அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். கணவரிடம் காட்டினாள்.

“இதுல என் பத்திக்கு எவ்வளவு?” என்றார் அவர்.

அவள் ஜெபத்தை விடவில்லை. அவர் ஆலயத்துக்குள் வரவும் இல்லை. ஆனால் சபையில் யாராவது சாட்சி சொல்ல எழுந்தால், அவள் இப்போது ஒரு முறை திரும்பிப் பின்வரிசையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறாள். இரண்டாம் வருடத்தின் முதல் கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்த அன்று, வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவரிடம் அதையும் தன் வாதத்தையும் சொன்னாள். மூன்றாம் நாள் அவர் வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, அவள் வாதத்தில் எந்த இடம் ஆடுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.