பதினாறாவது வரிசைக்கு மேல்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. தூறல் நின்று, ஜவ்வாது மலை முழுக்கப் பனிமூட்டம். காற்று மட்டும் இருந்தது. என் கட்டிலில் படுத்திருந்தேன். தலைமாட்டுச் சுவரில் இரண்டு தட்டு கேட்டது. சற்று இடைவெளி விட்டு இன்னும் ஒன்று.

என் மனைவி அப்படித்தான் கூப்பிடுவாள். கடைசி பதினோரு மாதம் படுத்த படுக்கை. குரல் எழும்பாது. எவர்சில்வர் கரண்டியால் கட்டில் கம்பியில் இரண்டு தட்டுவாள், நிறுத்துவாள், ஒன்று தட்டுவாள். தண்ணீர் கேட்டாலும் அதுதான், புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னாலும் அதுதான். அவள் போய் ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது.

அந்தச் சுவருக்கு வயது ஒரு மாதம். கூடத்தின் குறுக்கே அதை நான்தான் எழுப்பினேன். மறுபாதியை ஒரு பள்ளி ஆசிரியைக்கு வாடகைக்கு விடப் போவதாக எல்லோரிடமும் சொன்னேன். பின்வாசல் இருந்ததால் அது வசதியாகவும் போயிற்று; சுவர் முடிந்த வாரமே அவள் தன் அம்மாவோடு குடி வந்துவிட்டாள். ஆனால் என் மனைவியின் கட்டில் கிடந்த மூலை என் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மேஸ்திரியை சந்தவாசலில் இருந்து வரவழைத்தேன். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். கல்லை அளந்துதான் வாங்கினேன். இருபத்திரண்டு சென்டிமீட்டர் நீளம், பத்தரை அகலம், ஏழு உயரம். சாந்தோடு சேர்த்து ஒரு கல் பிடிக்கும் முகம் இருபத்து மூன்றுக்கு எட்டு. அப்படியென்றால் சதுர மீட்டருக்கு ஐம்பத்து நான்கு கல், உடைசலோடு ஐம்பத்தேழு. சுவர் மூன்று மீட்டர் அகலம், இரண்டு எண்பது உயரம், மொத்தம் எட்டு புள்ளி நான்கு சதுர மீட்டர். நானூற்று எண்பது கல் வாங்கினேன். சாந்து, சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நான்கு. சதுர மீட்டருக்கு ஒரு கன அடிக்குச் சற்றுக் குறைவாகவும், அதில் சிமெண்ட் பத்துக் கிலோவாகவும் பிடிக்கும் என்று போட்டேன். இரண்டு மூட்டை போதும்.

ஒரு கல்லின் அகலமே தடிமனாக உள்ள அரைக்கல் சுவர் மெல்லியது. பக்கவாட்டில் ஒரு இடி பட்டால் தாங்காது. அதனால் நான்கு வரிசைக்கு ஒரு முறை, சாந்துக்குள் ஓர் அங்குல அகல இரும்புப் பட்டை வைக்க வேண்டும். முப்பத்தைந்து வரிசைக்கு எட்டுப் பட்டை. ஒவ்வொன்றின் இரு முனையையும் பழைய சுவரில் பதினைந்து சென்டிமீட்டர் கொத்தி நுழைத்து, கொக்கி போல மடக்கி, சாந்து கொண்டு அடைக்க வேண்டும். அந்த முனைகள்தான் புதுச் சுவரைப் பழைய சுவரோடு கட்டிப் போடுகின்றன.

நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பட்டையையும் எண்ணினேன்.

"இன்னா சார், எண்ணிக்கினே கீறீங்க? வுட்டா ஒவ்வொரு கல்லுக்கும் பேரு வெச்சி அட்டெண்டன்ஸ் எடுப்பீங்க போல" என்றார் மேஸ்திரி.

"எடுத்தா உனக்கு இன்னாய்யா? ஒண்ணு லீவு போட்டாலும் சுவர் சாயும்."

"சாயாது சார். நான் கட்டின சுவரு எதுவும் இன்னும் என்னெக் கேள்வி கேட்டதில்ல."

எட்டுப் பட்டையும் வைத்தார். நான் எண்ணியது சரிதான்.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்தத் தட்டு நிற்கவில்லை. ஒருநாள் காலையில், ஒருநாள் மாலையில், நேரம் காலம் இல்லாமல் வந்தது. சில சமயம் மூன்று, சில சமயம் வெறும் ஒன்று. ஆனால் இரண்டும் ஒன்றுமாய் வரும்போது என் கால் தானாகத் தரையில் இறங்கிவிடும். தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு பாதி தூரம் போய், சுவர் எதிரே நிற்பேன். ஒருமுறை "வர்றேன்" என்று சொல்லியும்விட்டேன். அதன் பிறகு பயம் வந்தது. புத்தி பேதலித்துப் போகிறதோ என்று கூட்டல் கழித்தல் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது.

ஒருநாள் காற்று அடித்தபோது காதைச் சுவரில் வைத்து வரிசை வரிசையாக மேலே போனேன். பூசாத சுவர், எண்ணுவது சுலபம். பதினாறாவது வரிசைக்கு மேல், நாலாவது பட்டை. சத்தம் அங்கேதான், இடது முனையில். அந்தச் சாந்தில் ஓர் அடி நீளத்துக்கு மயிரிழை போல ஒரு வெடிப்பும் இருந்தது. அந்தப் பக்கம் ஆசிரியையும் அவள் அம்மாவும் அந்தச் சுவர் ஓரமாகத்தான் படுக்கிறார்கள். தரையிலிருந்து நாலேகால் அடி உயரத்தில் பிடிப்பு விட்டால், மேலே இருக்கும் பத்தொன்பது வரிசைக்கும் ஆதாரம் பாதி போச்சு.

வெளியே சுற்றிப் போனேன். பழைய சுவரின் வெளிமுகத்தில், பூச்சுக்கு வெளியே, விரல் நீளம் இரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு நைலான் கயிறு. மறுமுனை தாழ்வாரக் கம்பத்தில். கயிறு நிறைய ஈரப் புடவை. காற்று புடவையைத் தூக்கும், கயிறு இழுக்கும், பட்டை உள்ளே கல் விளிம்பில் இடிக்கும்.

ஆசிரியை வெளியே வந்தாள். படவேட்டுப் பெண்.

"அதுவா சார்? கொக்கி மாதிரி தோதா இருந்திச்சு. மழைக்காலத்துல துணி எங்க காய்றது? கட்டிக்கினேன். இன்னா சார், மூஞ்சி இப்பிடி ஆயிடிச்சி?"

மேஸ்திரி மறுநாள் வந்து தலையைச் சொறிந்தார். கொத்தும்போது பழைய கல் ஒன்று பெயர்ந்து ஓட்டை வெளிப்பக்கம் வரை போய்விட்டதாம். பட்டை முனையை வெளியே விட்டுவிட்டு, அப்புறம் மடக்கி உள்ளே அடைக்கலாம் என்று இருந்தாராம்.

"அதுக்குள்ள பெரிய மழ சார். பூச்சு வேற கரைஞ்சிடும்னு அதச் சுத்திப் பூசிட்டு ஓடியாந்துட்டேன். மறந்துட்டேன்."

நான் எட்டுப் பட்டையை எண்ணினேன். பதினாறு முனைகளை எண்ணவில்லை.

"அறுத்துடலாமா சார்? வெளியில இருக்கிறத மட்டும்? சத்தம் போய்டும்."

"சத்தம் போனா போதாது, பிடிப்பு வேணும்."

இதைச் சொல்லும் முன், அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்ததையும் இங்கே எழுத வேண்டும். கயிற்றை மட்டும் லேசாகக் கட்டச் சொன்னால் சுவர் உடனே விழாது. தட்டும் எப்போதாவது வரும். உள்ளே ஆசிரியையின் அம்மா இருமினாள். "ஓட்டையத் தெறந்து ஒழுங்கா அடைச்சிடு" என்றேன்.

பெயர்ந்த கல்லை எடுத்தார். வெடித்த சாந்தைச் சுரண்டி, தண்ணீர் தெளித்தார். பட்டை முனையை உள்ளேயே மடக்கி, ஒன்றுக்கு மூன்று சாந்தைக் குச்சியால் குத்திக் குத்தி அடைத்தார். கயிற்றுக்கு முற்றத்தில் இரண்டு கம்பம் நட்டோம். சாந்து இறுக ஏழு நாள் அதன் மேல் சாக்கு நனைத்து வைத்தேன். வெடிப்பு திரும்பவில்லை.

தட்டும் திரும்பவில்லை.

ஒரு வாரம் தூங்கவே இல்லை. காற்று அடிக்கும்போதெல்லாம் காது அங்கே போகும். இரும்பு சாந்துக்குள் அசையாமல் கிடந்தது, நான் கேட்டபடியே. அந்த ஞாயிறு, கோயிலுக்குப் போய்விட்டு வந்த சாயங்காலம், அலமாரியில் இருந்த என் மனைவியின் எவர்சில்வர் கரண்டியை எடுத்தேன். பதினாறாவது வரிசைக்கு மேல், நானாகவே இரண்டு தட்டினேன். நிறுத்தினேன். ஒன்று தட்டினேன்.

அந்தப் பக்கத்திலிருந்து, அவள் கட்டில் இருந்த மூலையிலிருந்து, இரண்டு வந்தது. இடைவெளி. பிறகு ஒன்று.

கரண்டி கீழே விழுந்தது.

"சார், கூப்ட்டீங்களா? தண்ணி கிண்ணி வேணுமா?" ஆசிரியையின் அம்மாவின் குரல்.

"இல்லம்மா. சுவரத் தட்டிப் பார்த்தேன்."

"சரி சார். வேணும்னா இப்பிடியே தட்டுங்க."

சுவர்க் கணக்கு: கல், சிமெண்ட், மணல், பட்டை, கூலி, மறுபடி அடைத்த கூலி, இரண்டு கம்பம், எல்லாம் சேர்த்துப் பதினையாயிரத்து எண்ணூற்று இரண்டு ரூபாய்.