குக்கரின் நாலு நிமிட மறுப்பு

வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அதைப் பதிவேட்டைத் தவிர யாரும் பயன்படுத்தவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே அவள் குக்கர்தான். வாதம் என்று வந்துவிட்டால் முதலில் சத்தமே இருக்காது. காது மடல் சிவக்கும், மூக்கு விடைக்கும், அப்புறம் குரல் ஒரேயடியாக உச்சிக்கு ஏறிக் கீச்சென்று கத்தும். "விசில் வந்துடுச்சு, இறக்கு இறக்கு" என்று கடைசி பெஞ்சு கூவும்.

பிறவியிலேயே வாதாடுகிறவள் அவள். பல் பிடுங்கப் போன இடத்தில், வலிப்பது எந்தப் பல் என்று டாக்டரோடு கால்மணி நேரம் மல்லுக்கு நின்றவள். அவரே ஒரு கட்டத்தில் குழம்பிப்போனார். நல்லவேளை, எக்ஸ்ரே இருந்தது.

அப்படிப்பட்டவளை விவாத அணியில் சேர்க்காமல் இருக்க முடியுமா? வேதியியல் டீச்சர்தான் அணியைப் பார்த்துக்கொள்பவர். போன வருஷமே அவளை, எதிரணிக்குப் பதில் சொல்லும் மறுப்புரைக்குப் போட்டார். அங்கேதான் மானம் போனது. எதிரணி என்னவெல்லாம் சொல்லும் என்று வீட்டிலேயே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் பதிலைச் சீட்டில் எழுதிக்கொண்டு போவது அந்த அணியின் வழக்கம். குக்கர் பதினோரு சீட்டு கொண்டு போயிருந்தாள். எதிரணிக்காரி வேறென்னவோ பேசினாள். இவள் அதைக் கேட்கவே இல்லை. நாலாவது சீட்டை எடுத்து, அந்தப் பெண் சொல்லவே சொல்லாத ஒன்றை அடித்து நொறுக்கினாள். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று அவள் சிரித்தபோது குக்கருக்கு விசில் வந்தது. பிறகு கண்ணீரும் வந்தது.

இந்த வருஷம் டீச்சர் சுற்றி வளைக்கவில்லை.

"இங்க பாரும்மா. உன்னை விட்டா எனக்கு ஆள் இல்லைன்னு நினைச்சுக்காதே. இந்தப் போட்டியில கொதிச்சியோ, அடுத்ததிலேருந்து மறுப்புரை வேற ஆளுக்கு. நீ பக்கத்துல உக்காந்து தண்ணி எடுத்துக் குடு."

"தோத்தாலும் பரவாயில்லையா டீச்சர்?"

"தோத்துக்கோ. கொதிக்காதே."

அதை வீட்டில் சொன்னபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட வேண்டும். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிப்பாள்; மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனால் மகள் நோட்டை விரித்துவிட்டால் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காராத நாள் கிடையாது.

"அரை நாள் லீவு கேட்டிருக்கேன். நானும் வரேன்" என்றாள் அம்மா.

"எதுக்கும்மா? நான் கத்துறதைப் பாக்கவா?"

"அதைத்தான் தினம் பாக்கிறேனே. சும்மா இருக்கியான்னு பாக்கத்தான் வரேன்."

போட்டி சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மேசைகளைச் சுவரோரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். மூன்று நடுவர்கள், அவர்களில் நடுவில் இருந்தவர் தலைவர்; மேசைமணியோடு ஒரு நேரக்காப்பாளர். 'பள்ளிகளில் வீட்டுப்பாடம் ஒழிக்கப்பட வேண்டும்' என்பது தீர்மானம். அதை ஆதரிப்பது குக்கரின் அணி. ஒழுங்குமுறை எளிது: ஆதரிப்பவர்களில் ஒருவர் பேசுவார், எதிர்ப்பவர்களில் இருவர் பேசுவார்கள், கடைசியாக ஆதரிக்கும் அணியின் மறுப்புரை. அதற்கு நாலு நிமிடம். அதில் புதிய வாதம் எதையும் நுழைக்கக் கூடாது. ஏற்கெனவே மேடைக்கு வந்ததை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் கண்ணாடி பேசினாள். குக்கரின் தோழி, தலையைவிட மூக்குக்கண்ணாடி பெரியது. "வீட்டுப்பாடம் ஒன்றுதான், வீடுகள் ஒன்றல்ல. ஒருவனுக்குச் சொல்லிக்கொடுக்க டியூஷன் இருக்கிறது. இன்னொருவனுக்குச் சந்தேகம் கேட்க ஆளில்லை. மறுநாள் இரண்டு நோட்டிலும் விழுவது ஒரே சிவப்பு மை" என்று நிதானமாகக் கட்டி முடித்தாள்.

எதிரணியின் முதல் பையன் எழுந்தான். குக்கர் ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து வைத்திருந்தாள். இடப்பக்கம் அவர்கள் சொல்வது, வலப்பக்கம் நம் பதில். இடப்பக்கம் எழுதினாள்: 'வீ.பா. தனியாகச் செய்வது. யார் துணையும் இல்லாமல் தன் காலில் நிற்கப் பழக்கும்.' சீட்டுக்கட்டில் இரண்டாவது சீட்டு இதற்கு அச்சாகப் பொருந்தியது. மனசுக்குள் ஒரு துள்ளல்.

அப்புறம் நெட்டை எழுந்தான். எதிரணியின் இரண்டாவது ஆள். மைக்கை ஒரு முழம் மேலே தூக்க வேண்டியிருந்தது. தாளே இல்லாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினான்.

"தலைவர் அவர்களே, படிக்காத ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். வகுப்பறைக்குள் அவரால் வர முடியாது. பாடப்புத்தகத்தை அவரால் படிக்க முடியாது. ஆனால் பிள்ளை வீட்டுப்பாடம் செய்யும்போது பக்கத்தில் போய் உட்கார முடியும். பள்ளிக்கூடத்துக்கும் அந்தத் தாய்க்கும் நடுவில் இருக்கும் ஒரே பாலம் அந்த அரைமணி நேரம். வீட்டுப்பாடத்தை ஒழித்தால் அந்தப் பாலத்தை உடைக்கிறீர்கள். வசதியான வீடுகளுக்கு நஷ்டமில்லை. இழப்பவர் அந்தத் தாய்தான்."

கூடம் முழுக்கக் கைதட்டல். குக்கர் பேனாவை எடுக்கவே மறந்துபோனாள். மூன்றாவது வரிசையில் அம்மா, மடியில் பையை வைத்துக்கொண்டு, அந்தப் பையனுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

தயாராக ஒரு நிமிடம் கொடுத்தார்கள்.

சீட்டுக்கட்டைப் புரட்டினாள். ஏழாவது சீட்டு: 'வீட்டுப்பாடம் பெற்றோருக்குச் சுமை.' கிட்டத்தட்டப் பொருந்துவது போலத் தெரிந்தது. ஆனால் அவன் சுமையைப் பற்றிப் பேசவில்லையே! இதை வாசித்தால் போன வருஷக் கூத்து மறுபடியும் அரங்கேறும். காது மடல் சுட்டது. சீட்டுக்கட்டை அப்படியே தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் செருகினாள்.

"உங்க அம்மா இங்கயே இருக்காங்கன்னு சொல்லிடுடி" என்று கண்ணாடி கிசுகிசுத்தாள். "ஒரே ஒரு வரி. ஹாலே அழுதுடும்."

"அதைச் சொன்னா அவன் சொன்னது சரின்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும். பேசாம இரு."

நெட்டை சொன்னதை இடப்பக்கம் அவன் வார்த்தைகளிலேயே எழுதினாள். எழுதி முடித்துப் படித்தபோது ஒன்று புரிந்தது. அவன் சொன்னது பொய்யில்லை. பொய்யில்லாத ஒன்றைப் பொய் என்று கத்தினால்தான் குரல் கீச்சிடும். அப்படியானால் எது தப்பு? உண்மை ஒரு பக்கம், அதிலிருந்து அவன் தாவிய இடம் இன்னொரு பக்கம். கண் மேலே போனது. அதே பக்கத்தில், அவன் வரிக்கு நேர் மேலே, முதல் பையனின் வரி இருந்தது. 'யார் துணையும் இல்லாமல்.'

மணி அடித்தது.

மைக்கை முதலில் ஒரு முழம் கீழே இறக்கினாள். சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை நின்றாள். நெட்டையைப் பார்க்காமல் நடுவர்களைப் பார்த்தாள்.

"தலைவர் அவர்களே, எதிரணியின் கடைசி வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் அவர்களுடைய பலமான வாதம். அவர்கள் சொல்வது இது: படிக்காத பெற்றோருக்குப் பிள்ளையின் படிப்போடு இருக்கும் ஒரே தொடர்பு வீட்டுப்பாட நேரம், அதை எடுத்தால் தொடர்பு அறும். நான் சரியாகச் சொல்கிறேன் என்று நினைக்கிறேன்."

ஓரக்கண்ணால் பார்த்தாள். நெட்டை தன்னையறியாமல் தலையாட்டினான்.

"இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அந்த அரைமணி நேரம் உண்மையானது. விலைமதிப்பில்லாதது. மீதிப் பாதிக்கு இரண்டு பதில் இருக்கிறது. முதல் பதில்—"

"விசில்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ வாயாலேயே ஊதியும் காட்டினார்கள். சிரிப்பு பரவியது.

காது நெருப்பாய் எரிந்தது. நாக்கு நுனியில் நல்ல சூடான பதில் ஒன்று தயாராக நின்றது. பக்கத்து மேசையிலிருந்த பாட்டிலை எடுத்துத் திறந்தாள். ஒரு மிடறு குடித்தாள். மூடியை மூன்று சுற்றுச் சுற்றி மூடினாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது, ஓடட்டும். விட்ட இடத்தில், விட்ட அதே குரலில் ஆரம்பித்தாள்.

"முதல் பதில். எதிரணியின் முதல் பேச்சாளர், வீட்டுப்பாடம் யார் துணையும் இல்லாமல் செய்ய வேண்டியது, அதுதான் அதன் பலன் என்றார். இரண்டாம் பேச்சாளர், தாய் பக்கத்தில் உட்கார்வதுதான் அதன் பலன் என்கிறார். இரண்டில் எதை நாங்கள் ஒழிக்கக் கூடாது என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை."

கண்ணாடி மேசைக்கடியில் கையைத் தட்டினாள்.

"இரண்டாவது பதில். அந்தத் தாய் பக்கத்தில் உட்காருகிறார். பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை. அவரால் உதவ முடியவில்லை. எங்கள் முதல் பேச்சாளர் சொன்ன சிவப்பு மை மறுநாள் நோட்டில் விழுகிறது. இதைப் பாலம் என்கிறார்கள். அந்தப் பாலத்தின் வழியாகப் பள்ளி அந்தத் தாய்க்கு அனுப்பும் செய்தி, 'உன்னால் முடியாது' என்பது. பிள்ளை தெரியாததோடு போராடுவதை அவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா?"

மூன்றாம் நிமிட மணி. அவள் அவசரப்படவில்லை.

"கடைசியாக, இரண்டையும் எடை போட்டுப் பார்ப்போம். அவர்கள் காப்பாற்ற நினைப்பது ஒரு தாயின் அரைமணி நேரத்தை. அதைத் தருவது தாய், வீட்டுப்பாடம் அல்ல. எங்கள் தீர்மானம் அந்த நாற்காலியை எடுக்கவில்லை. சிவப்பு மையைத்தான் எடுக்கிறது. ஆகவே, தீர்மானம் நிற்கிறது. நன்றி."

அவள் போய் உட்கார்ந்தாள். இரண்டுக்கு ஒன்று என்று நடுவர்கள் குக்கரின் அணிக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். எதிரணிக்கு வாக்களித்தவர் விடைபெறும்போது அவளிடம், "அந்த அம்மா என் மனசை விட்டுப் போகலம்மா, அதான்" என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனார். நெட்டை வந்து, "முதல் ஆள்கிட்ட நான் பேசி வெச்சிருக்கணும். மாட்டிக்கிட்டோம்" என்று கை குலுக்கினான்.

டீச்சர் மார்க் தாளை மடித்தபடி வந்தார். "அடுத்த மாசம் அடுத்த சுற்று. மறுப்புரை நீதான்." குக்கர் வாயைத் திறப்பதற்குள் விரலைத் தூக்கினார். "முழுசாக் கேளு. தலைப்பு இதேதான். ஆனா தீர்மானம் தலைகீழ். வீட்டுப்பாடம் வேணும்னு பேசப் போறோம்."

"டீச்சர்! இப்பத்தானே அதை உடைச்சேன்!"

"உடைச்ச உனக்குத்தானே எங்க கட்டணும்னு தெரியும்?"

அம்மா வாசலில் காத்திருந்தாள். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"நீ நல்லாத்தான் பேசினே. கத்தல. ஆனா எனக்கு அந்த நெட்டைப் பையன் சொன்னதுதான்டி பிடிச்சுது."

"தெரியும். கைதட்டினியே."

"கோவமா?"

"இல்லம்மா." பையிலிருந்து ஒரு புதுத்தாளை எடுத்து முழங்காலில் வைத்து நடுவில் கோடு போட்டாள். "அதுல எது பிடிச்சுது? மெதுவாச் சொல்லு."

"எழுத அதுல என்ன இருக்கு? காலையிலேருந்து நின்னு நின்னு காலு மரத்துப் போயிடும். வீட்டுக்கு வந்து உக்காந்தா ஆயிரம் வேலை கூப்பிடும். நீ படிக்கிறப்ப உன் பக்கத்துல உக்காந்தா மட்டும் யாரும் எழுந்திருன்னு சொல்றதில்ல. உங்க அப்பாகூடத் தானே தண்ணி எடுத்துக் குடிச்சுக்குவாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வேறென்ன?"

குக்கர் அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். இடப்பக்கமா வலப்பக்கமா, எந்தப் பக்கம் எழுதுவது என்று மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.