ஜெனியின் கல்யாணத்தில் நான் இருந்த இடம்

மக்களே மக்களே மக்களே... நேற்று கண்டியில் என் ஜெனிட்டாவுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, நான் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இங்கிலாந்தில், லெஸ்டரில் சேலை கட்டிக்கொண்டு ஃபோனைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன்!!!

ஜெனி யாரென்று தெரியாதவர்களுக்கு... சேர்ச் கொயரில் அவள் பாடுவதை எல்லாம் ரெகோர்ட் பண்ணி, அவள் திட்டத் திட்ட ஃபேஸ்புக்கில் பேஜ் திறந்து போட்டவள் நான். அவளுடைய முதல் ஃபேன். ரொம்ப நாளாக ஒரே ஃபேனும் நான்தான்.

கண்டி பஸ் ஸ்டாண்டில் ஒரே இயர்ஃபோனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது பேசி வைத்தது... அவள் கல்யாணத்தில் நான் சாட்சிக் கையெழுத்து, என் கல்யாணத்தில் அவள்.

எனக்காகவே திகதியைத் தள்ளிப் போட்டாள். முதலில் பெப்ரவரி. பிறகு தவக்காலம், கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதனால் ஈஸ்டருக்குப் பிறகு.

"அதுக்குள்ள உன் விசா வந்துருமாடி ரோஷி?"

"எட்டு கிழமைல வந்துரும்டி. கட்டாயம் வந்துரும்."

எட்டு கிழமை, முழுசாக இரண்டு மாதம், முடிந்தது. ஒன்பதும் முடிந்தது. வரவில்லை.

நிறையப் பேர் கேட்கிறீர்கள், "லீவு தரலையா?" என்று. லீவு தந்தார்கள். இரண்டு கிழமை. பாஸ்போர்ட்டும் என் மேசை லாச்சிக்குள்தான் இருக்கிறது.

ஆனால் என் ஸ்டூடன்ட் விசா முடிந்துவிட்டது. புதியதற்குப் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை இங்கே இருக்கலாம். இந்த நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பத்தை நானே வாபஸ் வாங்கிய மாதிரி. திரும்பி வர முடியாது.

கதவு திறந்துதான் இருக்கிறது. போனால் போனதுதான். இதை யாரிடம் போய்ச் சொல்வது...

"இன்னொரு தடவ தள்ளவா?" என்று கேட்டாள் லூசு. ஹோல் புக் பண்ணி, கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்து அறிவித்த பிறகு!

நான்தான் வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டு குளியலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மற்றத் தோழிகளுக்கு எடுத்த அதே சேலையை எனக்கும் பார்சலில் அனுப்பியிருந்தாள். பிளவுஸ் என் பழைய அளவில். பக்கத்து அறை நைஜீரியப் பிள்ளைதான் மூச்சை அடக்கச் சொல்லி பின்னால் கொக்கி மாட்டிவிட்டது.

அங்கே பின்னேரம் மூன்று மணி, இங்கே காலை பத்தரை. ஜெனியின் பெரியம்மா மகள் மெரில் அக்கா முன் வரிசையில் எனக்கு வீடியோ கால் போட்டு ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தாலி கட்டி, மோதிரம் போட்டு, பீடத்துக்குப் பக்கத்து மேசையில் ரெஜிஸ்டரைத் திறந்தார்கள். ஃபாதர் சாட்சியைக் கூப்பிட்டார்.

எழுந்து வந்தது என் அம்மா.

"நீயே இல்லாம நா என்னாத்துக்கு" என்று வரமாட்டேன் என்றிருந்த அம்மா! இரண்டு நாளைக்கு முன்னால் ஜெனி ஹந்தானை தேயிலைத் தோட்டத்துக்கு ஏறிப் போய், எங்கள் லயத்து வீட்டுக் காம்பராவில் உட்கார்ந்து, அம்மா தலையாட்டும்வரை எழும்பவில்லையாம். என்னிடம் யாருமே மூச்சு விடவில்லை.

ஐடென்டிட்டி கார்டைப் பார்த்துப் பேர், விலாசம் எல்லாம் எழுதினார் ஃபாதர்.

"தொழில் என்னம்மா?"

"ரோஷியோட அம்மா சாமி."

கோயிலே சிரித்தது.

"அது தொழில் இல்லையேம்மா."

"இருவத்தாறு வருசமா அதத்தானே சாமி செய்றேன்... தோட்டத்துல கொழுந்தும் எடுக்குறேன்."

இரண்டாவதைத்தான் எழுதினார்.

அம்மா கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை எனக்குத் திரையே தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் கொடுமை. மெரில் அக்கா சந்தோசத்தில் ஃபோனைக் கட் பண்ணாமலே தன் ஹேன்ட்பேக்குக்குள் போட்டு ஸிப்பை இழுத்துவிட்டார்!!!

ஒரே இருட்டு. ஒரு சாவிக்கொத்துச் சத்தம். "அக்கா... மெரில் அக்கா..." கத்துகிறேன். யாருக்குக் கேட்கும்?

எனக்கு மட்டும் எல்லாம் கேட்டது. "கிட்ட வாங்க, கிட்ட வாங்க" என்று போட்டோகிராபர். யாரோ குழந்தை அழுகை. அப்புறம் ஜெனியின் குரல்.

"ரோஷி எங்க? ஃபோன குடுங்கக்கா, போட்டோக்கு அவளும் நிக்கணும்."

"அவ கட் பண்ணிட்டா போலடி. வேல இருக்கும் பாவம்." ஸிப்பைத் திறக்காமலே சொன்னார் மெரில் அக்கா.

நான் கட் பண்ணவில்லை ஜெனி. லைனில்தான் இருந்தேன். "இருக்கேன்டி, இருக்கேன்டி" என்று இங்கே சுவருக்குக் கேட்கக் கத்திக்கொண்டிருந்தேன்.

இன்று காலை குரூப் போட்டோ வந்தது. இடது பக்கம் மெரில் அக்கா, தோளில் சிவப்பு ஹேன்ட்பேக். பெரிதாக்கிப் பாருங்கள் மக்களே... அதற்குள் இருப்பது நான்தான்.

சந்தோசமா இருடி என் தங்கம். உன் வீட்டுக்காரரிடம் சொல், முதல் ஃபேன் இடம் ஏற்கெனவே போய்விட்டது.

வருகிற சனிக்கிழமை பிலிமத்தலாவையில் மாப்பிள்ளை வீட்டு ஹோம்கமிங் விருந்து. போகிறவர்கள் கமெண்டில் பேர் போடுங்கள், நான் வீடியோ கால் எடுக்கிறேன். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், என்னைக் கடைசிவரை கையில் வைத்திருங்கள்... ப்ளீஸ்.