குங்குமப் பொட்டலத்தில் போன எச்சரிக்கை

எழுபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். அங்கே எனக்கென்று ஒரு சாம்ராஜ்யம் இருந்தது. சுவரில் தொங்கிய தினசரி காலண்டர்தான் அது.

அப்போது பங்குகளை வாங்கி அறுபது மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் வரி குறைவு. லாபத்தில் முதல் ஐயாயிரத்துக்கு வரியில்லை, மிச்சத்திலும் ஒரு பகுதி தள்ளுபடி. ஒரு நாள் முந்தினாலும் முழு லாபமும் வருமானத்தோடு சேர்ந்துவிடும். எங்கள் கட்சிக்காரர்களுக்கு வாங்கிய தேதியே ஞாபகமிருக்காது. அதனால் ஒவ்வொருவரும் எந்தப் பங்கை எப்போது வாங்கினார் என்று நோட்டில் ஏற்றி, அந்த வருஷம் கெடு முடிகிறவற்றைக் காலண்டர் தாளில் ஒட்டுவேன். கெடு தாண்டும் நாளில் மஞ்சள் சீட்டு. அதற்கு ஒரு மாதம் முன்னால், 'அவசரப்பட்டு விற்க வேண்டாம்' என்று சிவப்பு மையில் எழுதிய சீட்டு. காலையில் தாளைக் கிழித்தால் சீட்டு முகத்தில் அடிக்கும். நான் பெருமையில் மிதந்தேன்.

தாளைக் கிழிக்கிற புண்ணியத்தை மட்டும் முதலாளி விட்டுக்கொடுக்கவில்லை. காலையில் அம்மன் கோயிலுக்குப் போய்வந்து பழைய தாளைக் கிழித்து, அதில் குங்குமத்தை மடித்து வருகிறவர்களுக்குக் கொடுப்பார். பக்தியிலும் சிக்கனம்.

அந்த வைகாசியில் கருடசேவைக் கூட்டத்துக்குப் பயந்து மூன்று நாள் ஆபீசைப் பூட்டினோம். திறந்த அன்று அவர் கண்ணாடி போடாமலே நாலு தாளை ஒரே இழுப்பில் கிழித்தார். நான் தபால் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குத் திருமுக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். கணவர் பக்கவாதத்தில் விழுந்தபின் எண்ணெய் மில்லைத் தனியாக நடத்துகிறவர். எண்ணெய் பிழியும் அவருடைய பழைய எக்ஸ்பெல்லர் மாதத்தில் பாதி நாள் படுத்துவிடும். பட்டணத்தில் நல்ல மிஷின் ஒன்று விலைக்கு வந்திருந்தது. அது கைவிட்டுப் போனால் கடலைச் சீசன் முழுக்க மில் மூடிக்கிடக்கும்.

"பங்க வித்துட்டு மிஷின் வாங்கப் போறேம்மா. புரோக்கருக்கு லெட்டர் எழுதிக் கையிலயே வச்சினு இருக்கறேன். போட்டுடலாமா?"

காலண்டரைப் பார்த்தேன். அன்றைய தாள் சுத்தமாக இருந்தது. நோட்டைத் திறக்க எனக்குச் சோம்பல்.

"தாராளமா போடுங்கம்மா."

முதலாளி குங்குமப் பொட்டலத்தை நீட்டினார். அந்த அம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளம்பினார்.

மத்தியானம் வேறு யாருக்கோ நோட்டைப் புரட்டியபோது அந்த அம்மாளின் பக்கம் வந்தது. கெடு தாண்ட இன்னும் இருபத்தெட்டு நாள் இருந்தது! சிவப்புச் சீட்டு பூட்டியிருந்த நாட்களில் ஒன்றில் ஒட்டியிருந்தது. முதலாளியிடம் சொன்னேன். "நோட்டப் பாக்காம எப்பிடிம்மா சொன்ன?" என்று என்மேலேயே பாய்ந்தார். தாளைக் கிழித்த கையைப் பற்றிப் பேச்சே இல்லை. மனுஷரை அப்படியே கடித்துக் குதறலாம் போலிருந்தது. ஆனால் சோம்பல் என்னுடையதுதானே?

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். வழி நெடுக, மில் வரிப்பணத்தில் மூழ்குவதாகவே தோன்றிக்கொண்டிருந்தது. போய்ச் சேர்ந்தால் அந்த அம்மாள் கடலைப் புண்ணாக்கை எடை போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, லெட்டர்..."

"போடலம்மா." இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். குங்குமத்துக்கு அடியில் என் கையெழுத்து. அவருடைய பங்கின் நம்பர்கள், தேதி, 'அவசரப்பட்டு விற்க வேண்டாம்' எல்லாம் சிவப்பு மையில். "பஸ் ஸ்டாண்டுல பொட்டு வச்சிக்கலாம்னு தொறந்தேன். நீ விக்கச் சொன்ன. அம்மன் வேணாம்னுட்டா."

"அது நான் எழுதினதும்மா."

"இருக்கட்டும். அவதான எங்கையில குடுத்தா? மிஷின்காரனுக்கு டிரங்க் கால் போட்டு, அம்மன் உத்தரவு, ஒரு மாசம் பொறுன்னேன். கன்னத்துல போட்டுக்கினு சரின்னுட்டான்."

வரி என்று சொல்லியிருந்தால் அவன் ஒரு மணி நேரம்கூடப் பொறுத்திருக்க மாட்டான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மஞ்சள் சீட்டு நாளில் அந்த அம்மாள் சொன்னபடி வந்தார். இந்தத் தடவை நோட்டை மூன்று முறை பார்த்தேன், வாங்கிய ரசீதையும் கேட்டுப் பார்த்தேன். அறுபது மாதம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

"இப்ப வித்துடுங்கம்மா. நான் சொல்றேன்."

அவர் அசையவில்லை. உள்ளங்கையை என் முன்னால் நீட்டினார்.

"பொட்டலம் எங்க?"

முதலாளி அன்று ஊரில் இல்லை. நானே காலண்டர் தாளைக் கிழித்து, 'விற்கலாம்' என்று சிவப்பு மையில் எழுதி, சாமி படத்தடியில் இருந்த குங்குமத்தை அதில் மடித்து அவர் கையில் வைத்தேன். பிரித்துப் படித்துவிட்டுத்தான் அந்த அம்மாள் எழுந்தார்.