ரஃபேல் வாய் திறக்காத ஒன்பது நாள்

குருண் ஊரில், பெரிய சாலையோரம் ரஃபேலின் மோட்டார் ரிப்பேர் கடையும் என் தையல் கடையும் ஒட்டியே இருக்கின்றன. 'என் கை பட்ட வண்டி திரும்பி வராது' என்பது அவன் தினசரி பாட்டு. அதைக் கேட்டுக் கேட்டு என் காதே புளித்துப் போயிருந்தது.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை அக்னஸ் அக்கா தன் மின்சார ஸ்கூட்டரை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அரசாங்க மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எஸ்டேட் லயங்களில் படுத்துக் கிடப்பவர்களுக்குச் சும்மாவே புண் கட்டிவிடுவார். இந்தத் தவக்காலத்தில் ஒரு ஒறுத்தல் எடுத்திருந்தார்: ஈஸ்டர் வரைக்கும் ஸ்கூட்டரைத் தொடுவதில்லை, எங்கே போனாலும் நடைதான். இப்போது லயத்தில் இருக்கும் மருதம்மாள் சர்க்கரைப் புண்ணோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்திருந்தாள். தினமும் கட்டு மாற்றாவிட்டால் கால் போய்விடும். அவள் வீடு சாலையிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. ஸ்கூட்டரிலோ சார்ஜே ஏறவில்லை.

ரஃபேல் சார்ஜரை மாட்டினான். விளக்கு பச்சையாகவே நின்றது. சார்ஜ் ஏறினால் அது சிவப்பாக வேண்டும். சார்ஜர் முனையில் மீட்டரை வைத்தான். அறுபத்தேழு வோல்ட் ஒழுங்காக வந்தது. ஆக, குற்றம் சார்ஜரில் இல்லை. அடுத்து ஸ்கூட்டரின் சாக்கெட்டைப் பார்த்தான். பின் எதுவும் வளையவில்லை, கருகவில்லை. பாசி பிடித்தாற்போலிருந்த ஒன்றைச் சுரண்டித் துடைத்தான். ஒயரின் இரு முனையிலும் மீட்டரை வைக்க, எங்கும் அறுபடவில்லை என்று அது பீப் அடித்தது. மறுபடி மாட்டினான். பச்சைதான்.

பேட்டரிப் பெட்டியைத் திறந்தான். உள்ளே செல்களுக்குக் காவலாக ஒரு சின்னப் பலகை இருக்கும், பிஎம்எஸ் என்பார்கள். செல் இறங்கிப்போனால் வண்டிக்குப் போகும் கரண்டை அது வெட்டிவிடும். அளவுக்கு மீறி இறங்கிய செல்லில் சார்ஜ் ஏற்றினால் தீப்பிடிக்கலாம் என்பதால், சார்ஜரையும் உள்ளே விடாது. பலகையைத் தாண்டிச் செல்களையே அளந்தான். பதினாறு வரிசை, ஒவ்வொன்றும் ஒன்றேகால் வோல்ட். இரண்டரைக்குக் கீழே போகவே கூடாது.

பலகை முன்பே வெட்டியிருக்குமே, அப்புறம் எப்படி இவ்வளவு கீழே போனது என்று நான் கேட்டேன். ஒரு நீல ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜனவரியில் அவனே மாட்டிய திருட்டு அலாரத்தின் ஒயர். பலகை வெட்டினாலும் அலாரம் கத்த வேண்டும் என்று அதைப் பலகைக்கு முன்னாலேயே, நேராகச் செல்களில் இணைத்திருந்தான். தினமும் சார்ஜ் போட்ட வரைக்கும் தெரியவில்லை. வண்டி ஒன்றரை மாதம் சும்மா நின்றபோது, தடுக்க ஆளில்லாமல் அலாரம் சொட்டுச் சொட்டாகக் குடித்துத் தீர்த்துவிட்டது.

பலகையைத் தாண்டிச் செல்களுக்கு நேராகச் சார்ஜ் கொடுக்கலாமா என்று ஒரு நிமிடம் ஒயரைக் கையில் எடுத்தான். அக்கா படுக்கும் அறைக்கு வெளியே, நடுக்கூடத்தில்தான் ஸ்கூட்டரை வைப்பார். ஒயரைக் கீழே போட்டான். அந்த மட்டும் புத்தி இருந்தது.

ஆனால் நாக்குக்கு இல்லை. "பேட்டரி செத்துப்போச்சுக்கா. ரொம்ப நாளு ஓட்டாம வச்சிட்டீங்க," என்றான்.

அக்காவின் முகம் சுருங்கியது. குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

புதுப் பேட்டரி வர நாளாகும் என்றார்கள். தினமும் காலையில் அக்கா கட்டுத்துணிப் பையோடு எங்கள் கடையைக் கடந்து போவார். ஒன்பது நாளும் ரஃபேல் அந்த நேரத்துக்கு வண்டிக்கடியில் புகுந்துகொண்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்குச் சோறு இறங்குமா? எனக்கு அவன் மேல் எரிச்சல். நானும்தான் அந்த நீல ஒயரைப் பார்த்தேன், நானும்தான் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

பத்தாம் நாள் தன் சொந்த ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றினான். அதே ரகம்தான். அக்கா வண்டியில் மாட்டிச் சார்ஜரைச் செருகினான். விளக்கு சிவந்தது. அலாரத்தைப் பிடுங்கி மேசையில் போட்டுவிட்டு, கடையைக் கடந்துபோன அக்காவை நிறுத்திக் கூப்பிட்டான்.

"உங்க ஒறுத்தல்னால இல்லக்கா. அலாரம் ஒயர நான்தான் தப்பா குடுத்தேன். அன்னிக்கே தெரியும்."

அக்கா குடையை மடக்கினார். அந்த நீல ஒயரை எடுத்துப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

"வண்டிய கெடுத்து மருதம்மாள காக்க வச்சது என் வீம்புன்னு, போன ஞாயித்துக்கிழமையே சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன் தம்பி," என்றார். "பரிகாரமாத்தான், சாலையில எறங்கி உள்ள போற அந்த நாலு கிலோமீட்டர, லிஃப்ட் குடுத்தாலும் ஏறாம நடந்தேன்."

ரஃபேல் சாவியை நீட்டினான். அக்கா வாங்கிக்கொண்டார். "நேரமாச்சு, அவ காத்துக்கிட்டிருப்பா," என்று வண்டியைக் கிளப்பினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். மறுநாள் காலையிலிருந்து ரஃபேல் வீட்டிலிருந்து கடைக்கு நடந்துதான் வருகிறான். கேட்பவர்களிடம், ஸ்கூட்டருக்குப் பேட்டரி இல்லை என்கிறான். புதுப் பேட்டரி அவன் கைக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது.